‘சாப்பாட்டுக்கு முன்’ என்றால் எத்தனை மணிக்கு? மருந்துச் சீட்டைப் படித்து ஒரு நாள் நேர அட்டை போடும் முறை

மருந்துச் சீட்டை ஒவ்வொரு வரியாகப் படித்துப் புரிந்துகொள்பவர்கள்கூட வீட்டுக்கு வந்ததும் தடுமாறுகிறார்கள். ஒரே காலையில் மூன்று மாத்திரைகளுக்கு ‘சாப்பாட்டுக்கு முன்’ என்று இருக்கும். மூன்றையும் ஒன்றாக வாயில் போட்டு, கையோடு காபியும் குடித்துவிட்டால், மூன்றில் குறைந்தது இரண்டு சரியாக வேலை செய்யாது. சீட்டு சொல்வது தனித்தனி மருந்துகளைப் பற்றி. நமக்கு வேண்டியதோ ஒரு நாளின் நேர அட்டை. சீட்டிலிருந்து அதை எந்த வரிசையில் தயாரிப்பது என்பதே இந்த வழிகாட்டி.

எடுத்துக்காட்டாக, பெங்களூர் அல்சூரில் இருக்கும் 56 வயது அம்மா ஒருவரின் சீட்டை எடுத்துக்கொள்வோம். தைராய்டு, சர்க்கரை, நெஞ்செரிச்சல், மூட்டு வலி உள்ளவர். தமிழ் படிப்பார். ஆங்கிலமும் கன்னடமும் படிக்கத் தெரியாது. நேர அட்டை போட்டுத் தருவது வீட்டில் மகளோ மருமகனோதான்.

```
Tab. THYROXINE 50 mcg       1-0-0   empty stomach
Tab. PANTOPRAZOLE 40 mg     OD      BBF    x 14 days
Tab. GLIMEPIRIDE 1 mg       1-0-0   AC
Tab. METFORMIN SR 500 mg    BD      PC
Tab. CALCIUM + D3 500 mg    0-1-0   PC
Cap. VITAMIN D3 60,000 IU   once a week x 8
Tab. PARACETAMOL 650 mg     SOS
```

இந்த அளவுகள் இந்த எடுத்துக்காட்டுக்கு மட்டுமே. உங்கள் சீட்டில் உள்ளதுதான் உங்களுக்கு.

1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

சீட்டு, மெடிக்கலில் வாங்கிய எல்லா மாத்திரை அட்டைகளும் பாட்டில்களும், கடை பில், ஒரு மார்க்கர் பேனா. இதோடு, வீட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய மாத்திரைகளையும் வெளியே எடுங்கள். பழைய சீட்டில் இருந்த மாத்திரையே புதிய சீட்டில் வேறு கம்பெனிப் பெயரில் வந்து, இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவது அடிக்கடி நடக்கிறது. சர்க்கரை மாத்திரையில் இப்படி நடந்தால் ஆபத்து.

இன்னொன்றும் வேண்டும்: அந்த வீட்டின் உண்மையான சாப்பாட்டு நேரம். எழுவது எத்தனை மணிக்கு, காபி எப்போது, டிபன் எப்போது, மதியம், இரவு எப்போது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நம் எடுத்துக்காட்டில் அம்மா ஐந்தே முக்காலுக்கு எழுகிறார், எழுந்ததும் காபி, 7:40-க்கு டிபன், 1:30-க்கு மதியச் சாப்பாடு, இரவு 8:30-க்குச் சாப்பாடு.

2. முதலில் பெயரும் அளவும், பிறகுதான் வேளை

அட்டையின் முன்பக்கம் பெரிதாக இருப்பது பெரும்பாலும் கம்பெனி வைத்த பெயர். நீங்கள் பார்க்க வேண்டியது மருந்தின் பெயர். அட்டையின் பின்புறம், ஒரு மாத்திரையில் என்ன இருக்கிறது என்று சொல்லும் வரியில் அது இருக்கும். பெயருக்குப் பின் ‘IP’ என்று வருவது இந்திய மருந்துத் தர நூலைக் குறிக்கிறது, அது மருந்தின் பெயரல்ல. ஜன் ஔஷதி கடையில் வாங்கினால் மருந்தின் பெயரே பெரிதாக அச்சாகியிருக்கும், ஒப்பிடுவது சுலபம்.

பெயர் சேர்ந்த பிறகு எண்ணைப் பாருங்கள். எண்ணில் இரண்டு பொறிகள் உண்டு.

ஒன்று, புள்ளி. தைராய்டு மாத்திரையில் 12.5-ம் உண்டு, 125-ம் உண்டு, இரண்டுமே கடையில் கிடைக்கும். கையெழுத்தில் புள்ளி மங்கினால் பத்து மடங்கு வித்தியாசம். இன்னொன்று, எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து. ‘mcg’ என்பது மைக்ரோகிராம், ‘mg’ என்பது மில்லிகிராம். ஒரு மில்லிகிராமில் 1000 மைக்ரோகிராம். அதனால் சீட்டில் உள்ள எண்ணும் எழுத்தும் அட்டையில் உள்ளவையும் அப்படியே ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் ‘இதுவும் அதே மருந்துதான்’ என்ற சமாதானத்தோடு கிளம்பாமல், ‘இது அதே அளவுதானா’ என்று கேளுங்கள். கடையில் 100 மைக்ரோகிராம் மட்டும் இருந்து, பாதியாக உடைத்துப் போடச் சொன்னால், அதை மருத்துவரிடம் கேட்டபிறகு செய்யுங்கள்.

பெயருக்கு அருகில் ‘SR’, ‘XR’, ‘ER’, ‘CR’ போன்ற எழுத்துகள் இருந்தால் அது மருந்தை மெதுவாக, பல மணி நேரத்துக்கு விடும் மாத்திரை. அதை நசுக்கவோ மெல்லவோ கூடாது. நசுக்கினால் ஒரு நாளுக்கான மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். விழுங்கச் சிரமப்படும் பெரியவர்களுக்குப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுப்பது நம் வழக்கம். இந்த மாத்திரைகளில் அது வேண்டாம், மருத்துவரிடம் மாற்று கேளுங்கள். மெட்ஃபார்மின் எஸ்.ஆர். சாப்பிடுபவர்களுக்குச் சில சமயம் மலத்தில் மாத்திரையின் கூடு அப்படியே தெரியும். மருந்து ஏற்கெனவே இறங்கியிருக்கும், வருவது காலிக் கூடுதான். ‘செரிக்கவில்லை’ என்று இன்னொன்று போட்டுவிடாதீர்கள்.

3. எத்தனை வேளை என்று படிப்பது

‘1-0-1’ என்பது காலை, மதியம், இரவு என்ற வரிசை. நடுவில் உள்ள சுழியம் மதியம் வேண்டாம் என்கிறது. சிலர் நான்கு எண் எழுதுவார்கள், அப்போது மூன்றாவது எண் மாலையைக் குறிக்கும். ‘½-0-½’ என்றால் பாதி மாத்திரை. நடுவில் கோடு உள்ள மாத்திரையை மட்டும் பாதியாக்குங்கள். கோடு இல்லாததைப் பாதியாக்கலாமா என்று கடையில் கேளுங்கள்.

எண் இல்லாமல் எழுத்தாக இருந்தால் இப்படி:

```
OD          நாளைக்கு 1 வேளை
BD, BID     நாளைக்கு 2 வேளை
TDS, TID    நாளைக்கு 3 வேளை
QID         நாளைக்கு 4 வேளை
HS          இரவு படுக்கும்போது
SOS         தேவைப்பட்டால் மட்டும்
STAT        உடனே, ஒரு தடவை
AC, B/F     சாப்பாட்டுக்கு முன்
PC, A/F     சாப்பாட்டுக்குப் பின்
BBF         காலை டிபனுக்கு முன்
```

இதில் ஓ.டி. தான் ஏமாற்றுவது. நாளைக்கு ஒரு வேளை என்று மட்டும் சொல்கிறது, எந்த வேளை என்று சொல்வதில்லை. நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரையை இரவில் போட்டால் விடியும் வரை கழிவறைக்கு நடக்க வேண்டியிருக்கும், வயதானவர்கள் இருட்டில் விழவும் வாய்ப்புண்டு. அதனால் ஓ.டி. என்று கண்டால் ‘காலையா, இரவா?’ என்று அங்கேயே கேளுங்கள். கண் மருத்துவர் சீட்டில் இதே எழுத்துக்கு வேறு பொருள்: வலது கண்.

டி.டி.எஸ். என்று நோய்க்கிருமிக்கான ஆன்டிபயாட்டிக் எழுதியிருந்தால் மூன்று வேளையும் ஏறக்குறைய எட்டு மணி நேர இடைவெளியில் இருக்க வேண்டும். காலை பத்துக்கும் மதியம் ஒன்றுக்கும் இரவு எட்டுக்கும் போட்டால், இரவு எட்டிலிருந்து மறுநாள் பத்து வரை உடம்பில் மருந்து குறைந்துவிடும். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று வைத்தால் சரியாக வரும்.

கடைக்காரர் கவரில் கன்னடத்தில் எழுதித் தந்தால், அதைத் தமிழில் சொல்லச் சொல்லி உங்கள் பேனாவால் மேலே எழுதிக்கொள்ளுங்கள். வாயால் கேட்க ‘ஊட்டக்கெ முஞ்சேனா, ஆமேலா?’ என்றால் போதும்: சாப்பாட்டுக்கு முன்பா, பிறகா. கன்னடத்தில் காலைப் பலகாரம் ‘திண்டி’, மதியமும் இரவும் சாப்பிடுவது ‘ஊட்டா’. கடைக்காரர் ‘திண்டிகெ முஞ்சே’ என்றால் காலை டிபனுக்கு முன் என்று பொருள்.

4. எத்தனை நாள் என்பதைத் தனியாகப் படியுங்கள்

வேளையைப் பார்த்துவிட்டு நாளை விட்டுவிடுகிறார்கள். ‘x 14 days’ என்றிருந்தால் பதினான்கு நாள், பிறகு நிறுத்த வேண்டும். நெஞ்செரிச்சல் மாத்திரையைக் கடையில் கேட்டுக் கேட்டு மாதக்கணக்கில் தொடர்பவர்கள் நிறைய. சில சீட்டுகளில் ‘5/7’ என்று இருக்கும், அது தேதியல்ல, ஐந்து நாள் என்பது. ‘2/52’ என்றால் இரண்டு வாரம்.

எல்லாவற்றிலும் மிகக் கவனம் தேவைப்படுவது வாரத்துக்கு ஒரு முறை எழுதிய மருந்து. நம் சீட்டில் உள்ள வைட்டமின் டி 60,000 யூனிட் அப்படிப்பட்டது. தினமும் போட்டால் இரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையும் வாரத்துக்கு ஒரு நாள்தான், அதை தினமும் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. இப்படிப்பட்ட மாத்திரையை மற்றவற்றோடு வைக்காதீர்கள். தனிக் கவரில் போட்டு, மேலே ‘ஞாயிறு மட்டும்’ என்று எழுதி, எட்டு ஞாயிற்றுக் கிழமைகளின் தேதியையும் எழுதுங்கள். போட்ட தேதியை அடியுங்கள்.

5. ‘முன்’ என்பது ஒரே தூரம் அல்ல

சீட்டில் ‘சாப்பாட்டுக்கு முன்’ என்று ஒரே மாதிரி எழுதியிருந்தாலும் மருந்துக்கு மருந்து தூரம் மாறுகிறது. நம் சீட்டிலேயே மூன்று வகை இருக்கிறது.

தைராக்ஸின் முழுமையாக வெறும் வயிற்றில் வேண்டும். உணவு, பால், காபி எல்லாமே அது உடம்பில் ஏறுவதைத் தடுக்கும். தண்ணீரோடு விழுங்கி, குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். இங்கேதான் நம் வீடுகளில் தடுக்கி விழுகிறார்கள். டிபனுக்கு ஒரு மணி நேரம் விட்டுவிட்டேன் என்பார்கள், ஆனால் மாத்திரைக்குப் பின் ஐந்தாவது நிமிடம் டம்ளரில் பில்டர் காபி வந்திருக்கும். நம் மனதில் காபி ‘சாப்பாடு’ கணக்கில் வராது, தைராக்ஸினுக்கு அது வருகிறது. மாத்திரையைச் சரியாகப் போட்டும் தைராய்டு இரத்தப் பரிசோதனையில் வரும் டி.எஸ்.எச். எண் இறங்கவே இல்லை, மருத்துவர் அளவை ஏற்றிக்கொண்டே போகிறார் என்றால் முதலில் காபி நேரத்தைப் பாருங்கள்.

பான்டோப்ரசோலுக்கு வேறு காரணம். வயிற்றில் அமிலம் சுரக்கும் பம்புகளை அது அடைக்கிறது, ஆனால் வேலை செய்துகொண்டிருக்கும் பம்பைத்தான் அடைக்க முடியும். சாப்பாடு வந்ததும்தான் பம்புகள் முழுதாக இயங்கும். மாத்திரை இரத்தத்தில் ஏறவும், பம்பு திறக்கவும் நேரம் ஒத்துப்போக, சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன் போட வேண்டும். சாப்பிட்டுப் பல மணி கழித்து, எரிச்சல் வந்தபின் போட்டால் பாதி பலன் போய்விடும். இதையும் நசுக்கக் கூடாது. வயிற்று அமிலத்தில் கெட்டுவிடாமல் குடலுக்குப் போய்க் கரைய வேண்டும் என்று மேல்பூச்சு கொடுத்திருக்கிறார்கள்.

கிளிமிபிரைடில் தூரம் மிகக் குறைவு. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். இலை போட்டு, தட்டில் இட்லி வந்த பிறகு விழுங்குவதுதான் பாதுகாப்பு. மாத்திரையைப் போட்டுவிட்டு ‘இதோ வருகிறேன்’ என்று கடைக்கோ கோவிலுக்கோ போய், டிபன் தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கிவிடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, குழப்பம் ஆகியவை அடையாளம். விழிப்பாக இருந்து விழுங்க முடிந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், பிறகு சாப்பாடு கொடுங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

6. ‘பின்’ என்பதற்கும் காரணம் தெரிந்திருக்க வேண்டும்

சாப்பாட்டுக்குப் பின் என்றால் கை கழுவியதும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துப் போட்டால் அது மறுபடி வெறும் வயிற்றுக் கணக்காகிவிடும்.

மெட்ஃபார்மின் வெறும் வயிற்றில் குமட்டலும் வயிற்றுப்போக்கும் கொடுக்கும், அதனால் சாப்பாட்டோடு அல்லது பின். கால்சியம் கார்பனேட் வகை கரைவதற்கு வயிற்றில் அமிலம் வேண்டும், சாப்பாட்டின்போது அது இருக்கிறது. டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் வயிற்றுச் சவ்வை உறுத்துவதால் பின். ஆனால் இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: இவை இரத்தத்தின் வழியாகவும் வயிற்றின் பாதுகாப்பைக் குறைக்கின்றன. சாப்பிட்டபின் போட்டேன் என்பதால் வாரக்கணக்கில் போடலாம் என்று ஆகாது. மலம் தார் போலக் கறுத்தால் நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

7. இப்போது நேர அட்டையைப் போடுங்கள்

வரிசை முக்கியம். வெறும் வயிறு வேண்டிய மருந்தை முதலில் வையுங்கள், அதுதான் நகர முடியாதது. பிறகு டிபன் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணி ‘முன்’ மருந்துகள், அதன்பின் ‘பின்’ மருந்துகள், கடைசியில் ஒன்றுக்கொன்று தள்ளி வைக்க வேண்டியவை.

அம்மாவுக்கு அது இப்படி வரும். காலை 6:00-க்குத் தைராக்ஸின், தண்ணீரோடு. 7:00-க்குப் பான்டோப்ரசோல், அதுவும் தண்ணீரோடு. 7:40-க்குத் தட்டின் முன் உட்கார்ந்து கிளிமிபிரைடு, உடனே டிபன், அதோடு காபி. 8:00-க்கு மெட்ஃபார்மின். மதியம் 1:30 சாப்பாடு முடிந்ததும் கால்சியம். இரவு 8:30 சாப்பாட்டுக்குப் பின் இரண்டாவது மெட்ஃபார்மின். ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பின் வைட்டமின் டி, அது கொழுப்பில் கரைவதால் சாப்பாட்டோடு நன்றாக ஏறும்.

கால்சியம் ஏன் மதியம்? தைராக்ஸினைக் கால்சியம் குடலிலேயே பிடித்து நிறுத்திவிடும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது நான்கு மணி நேரம் வேண்டும். இரும்புச் சத்து மாத்திரைக்கும் இதே விதி. மருத்துவர் ‘0-1-0’ என்று எழுதியதன் பொருள் இதுதான். ‘மதியம் மறந்துபோகிறது, காலையே எல்லாவற்றையும் போட்டுவிடுகிறேன்’ என்று மாற்றினால் தைராய்டு மாத்திரை வீணாகிறது.

இந்த அட்டையில் கடினமானது காபியை ஐந்தே முக்காலிலிருந்து 7:40-க்குத் தள்ளியதுதான். அவ்வளவு நேரம் பொறுக்க முடியாதவர், பொய் அட்டை போட்டுவிட்டுத் திருட்டுக் காபி குடிப்பதைவிட, மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லலாம். தைராக்ஸினை இரவு படுக்கும்போது, சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் போடும் வழியும் உண்டு. எந்த வழியானாலும் தினமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஏனென்றால் இரத்தப் பரிசோதனையைப் பார்த்து அளவை நிர்ணயிக்கிறார்கள். பான்டோப்ரசோலும் தைராக்ஸின் ஏறுவதைக் கொஞ்சம் குறைக்கலாம் என்பதால், இரண்டும் நீண்ட நாள் சேர்ந்து ஓடுகிறதென்றால் அடுத்த முறை பார்க்கும்போது நினைவூட்டுங்கள்.

அட்டையைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள். மாத்திரை அட்டையின் பின்புறத்திலும் ‘காலை 6, வெறும் வயிறு’ என்று மார்க்கரால் எழுதுங்கள். ஆனால் காலாவதித் தேதி அச்சிட்ட ஓரத்தின்மேல் எழுத வேண்டாம், அந்த ஓரத்திலிருந்து வெட்டவும் வேண்டாம். அட்டையில் அது ஓர் இடத்தில்தான் இருக்கும். பாட்டிலில் வரும் தைராக்ஸினை அதிலேயே வைத்து மூடியை இறுக்குங்கள், ஈரமும் வெயிலும் அதற்கு ஆகாது.

8. எஸ்.ஓ.எஸ். மருந்தை அட்டையில் சேர்க்காதீர்கள்

எஸ்.ஓ.எஸ். என்று எழுதிய மருந்துக்கு நேரம் கிடையாது, வலி இருந்தால்தான். அட்டையில் ஏற்றினால் வலியே இல்லாமல் தினமும் விழுங்குவார்கள். பதிலாக மருத்துவரிடம் மூன்றைக் கேட்டு அட்டையின் அடியில் எழுதுங்கள்: எதற்காக, எத்தனை மணி இடைவெளி, ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை.

பாராசிட்டமால் 650 எனில் பொதுவாக ஆறு மணி நேர இடைவெளியும், 24 மணி நேரத்தில் நான்குக்கு மேல் போகாமலும் இருந்தால் 2600 மில்லிகிராமில் நிற்கும். கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் தினமும் மது அருந்துபவர்களுக்கும் மிக மெலிந்தவர்களுக்கும் இதைவிடக் குறைவு, கேட்டே போடுங்கள். சளி, ஜலதோஷத்துக்குக் கடையில் வாங்கும் பல மாத்திரைகளில் பாராசிட்டமால் கலந்திருக்கிறது. மாத்திரை அட்டையின் பின்புறம் பார்க்காமல் இரண்டையும் போட்டால் அளவு இரட்டிப்பாகிறது.

9. ஒரு வேளை தவறினால், விரதம் வந்தால்

மறந்த வேளை சீக்கிரம் நினைவுக்கு வந்தால் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததை மட்டும் போடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடவே கூடாது. தட்டின் முன் போட வேண்டிய கிளிமிபிரைடைச் சாப்பிட்டு வெகுநேரம் கழித்துப் போடாதீர்கள்.

சஷ்டி, ஏகாதசி என்று டிபனை விடுகிற நாளில் கிளிமிபிரைடைப் போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். விரத நாளுக்கு முந்தைய வாரமே மருத்துவரிடம் போய், அன்று எதை விடுவது, எதைத் தொடர்வது என்று கேட்டு, அதை அட்டையில் ‘விரத நாள்’ என்ற தனி வரியாக எழுதிக்கொள்ளுங்கள். தைராக்ஸின் வழக்கம்போல் தொடரலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.